கர்ப்பகால செக்கப்பில் சிறுநீர், எடை, வயிற்றளவு: எந்த வரிசையில், எப்படி, எதற்காக

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். பல வருடமாக அந்த வரிசையில் நர்ஸாக நின்றதில், முதல் பிள்ளைக்காக வருகிறவர்கள் ஒரே மாதிரித் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பஸ் ஏறும் முன் வீட்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டு வந்து, டப்பாவைக் கையில் கொடுத்தால் "வரலையே அக்கா" என்று நிற்பார்கள். தண்ணீரைக் குடித்துக் குடித்து எப்படியோ கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முட்டிய சிறுநீர்ப்பையோடு கட்டிலில் படுப்பார்கள். வயிற்றளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடிக் காட்டும். "குழந்தை பெருசா இருக்கா?" என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

இந்த மூன்று பரிசோதனையும் ஒவ்வொரு முறையும் நடக்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது, அதனாலேயே நாமும் அவசரமாக முடித்துவிடுகிறோம். சரியான வரிசையில் செய்தால்தான் அட்டையில் எழுதும் எண்ணை நம்ப முடியும். வரிசைப்படி எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்: அட்டையும் தேதியும்

தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் இன்றைய எண்ணைவிடப் போன முறை எழுதிய எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். இன்று 58 கிலோ என்றால் அது ஒன்றுமே சொல்லாது. இரண்டு வாரத்துக்கு முன் 55.5 இருந்தது என்று தெரிந்தால்தான் அது செய்தி. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அன்றைய பரிசோதனையில் பாதிப் பலன் போய்விடுகிறது.

அடுத்தது தேதி. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாள் எது என்று கேட்டால், பாதிப்பேர் மாதவிடாய் தள்ளிப்போன தேதியைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நாலு வாரம் வித்தியாசம். தள்ளிப்போன தேதியை வைத்துக் கணக்குப் போட்டால், நிஜமாகவே 28 வாரமான வயிறு அட்டையில் 24 வாரம் என்று இருக்கும், டேப் வைத்தால் நாலு சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கும், இல்லாத பிரச்சினைக்கு ஸ்கேனுக்கு ஓட வேண்டியிருக்கும்.

தேதி ஞாபகம் இல்லையென்றால் பண்டிகையை வைத்து யோசியுங்கள். "ஆடிப்பெருக்கு அன்னிக்குத் தலைக்கு ஊத்தியிருந்தேன்" என்று சொன்னால் எங்களுக்குப் போதும். ஆகஸ்ட் 3 என்று எடுத்துக்கொண்டு, ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 10 பிரசவத் தேதி. இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வருகிறவர்களுக்குத்தான் சரியாக வரும். முன்பின்னாக வருகிறவர்களுக்கு மூன்றரை மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் உள்ள தேதிதான் நம்பத் தகுந்தது. அந்த ஸ்கேன் தாளையும் கடைசி மாதம் வரைக்கும் அட்டையோடு வைத்திருங்கள், பிற்பாடு எடுக்கும் ஸ்கேனில் தேதி ஒன்றிரண்டு வாரம் மாறி வந்தாலும் முதல் தாளைத்தான் டாக்டர் கேட்பார்.

2. வந்ததும் வரிசை: சிறுநீர், எடை, பிரஷர், கட்டில்

முதலில் சிறுநீர் மாதிரி. அதைக் கொடுத்த கையோடு எடை. அப்புறம் ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து ஆசுவாசமான பிறகு பிரஷர். கடைசியில் கட்டிலில் படுத்து வயிறு பார்ப்பது.

மாதிரி கொடுக்கும்போது சிறுநீர்ப்பை காலியாகிவிடும் என்பதால்தான் இப்படி. கருப்பைக்கு முன்னால் அது ஒட்டி இருக்கிறது. நிறைந்திருந்தால் கருப்பையை மேலே தள்ளிவிடும், எடையிலும் கொஞ்சம் கூடும். மாதிரி கொடுத்த பிறகு கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், கட்டிலில் ஏறும் முன் மறுபடி ஒருமுறை போய்விட்டு வாருங்கள். கூச்சப்படாமல் "ஒரு நிமிஷம் சிஸ்டர், போய்ட்டு வந்துடுறேன்" என்று சொல்லலாம்.

3. சிறுநீர் மாதிரி பிடிப்பது

இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, ஏனென்றால் கதவுக்கு உள்ளே நடப்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கையைக் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள். கிருமிநாசினி திரவம் ஊற்றிக் கழுவ வேண்டாம், சில வகைத் திரவங்கள் மாதிரியில் கலந்தால், அதில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டும். முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிடுங்கள். நடுவில் வருவதை டப்பாவில் பாதி அளவுக்குப் பிடியுங்கள். மிச்சத்தை மறுபடி கழிவறையில் விடுங்கள். பிறப்புறுப்பின் வாயிலில் இருக்கும் வெள்ளைப்படுதலும் தோல் கிருமிகளும் முதலில் வரும் சிறுநீரோடு போய்விடும். அவை டப்பாவில் விழுந்தால் புரதம் என்றும் தொற்று என்றும் பொய்யாகத் தெரியும்.

வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தாலோ, லேசாக ரத்தக் கசிவு இருந்தாலோ டப்பாவைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்ன பாட்டில் எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஒரு பெண் மூன்று முறை தொடர்ந்து சர்க்கரை இருப்பதாகக் காட்டி, ரத்தத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லாமல், கடைசியில் பார்த்தால் பிள்ளையின் இருமல் சிரப் பாட்டிலைக் கழுவி அதில் கொண்டுவந்துகொண்டிருந்தார். கிளினிக்கில் கொடுக்கும் டப்பாதான் நல்லது. வீட்டில் பிடித்தாக வேண்டும் என்றால் முதல் நாளே சுத்தமான டப்பா வாங்கிப் போய், பிடித்ததிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

4. பட்டையில் டாக்டர் என்ன தேடுகிறார்

சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் ஒட்டிய பட்டையை மாதிரியில் நனைத்து, ஓரத்தைத் தட்டிவிட்டு, பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி என்று அந்தப் பாட்டிலிலேயே போட்டிருக்கும். புரதத்துக்குப் பெரும்பாலும் 60 நொடி. புதிதாக வரும் நர்ஸுகள் நாலைந்து பேருடைய பட்டைகளை வரிசையாக நனைத்து வைத்துவிட்டு அப்புறம் வந்து பார்ப்பார்கள், அதற்குள் நிறம் ஏறியிருக்கும். பாட்டில் மூடியைத் திறந்தே வைத்திருந்தாலும் ஈரம் பட்டுப் பட்டை கெட்டுவிடும்.

சில இடங்களில் இன்னும் சோதனைக் குழாயில் காய்ச்சித்தான் பார்க்கிறோம். குழாயின் மேல் பகுதியை மட்டும் சுடரில் காட்டினால், புரதம் இருந்தால் அந்த இடம் மட்டும் பால் கலந்ததுபோல வெள்ளையாகக் கலங்கும், கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும். உடனே முடிவு சொல்லக் கூடாது. இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது வெறும் பாஸ்பேட் உப்பு, மறையாமல் நின்றால் புரதம்.

புரதம்தான் இதில் முக்கியம். இருபது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போய், கூடவே சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய், டாக்டர்கள் பிரிஎக்லாம்சியா என்று சொல்வது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும். சிறுநீரக வடிகட்டியின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகி, வெளியே போகக் கூடாத புரதம் கசிவதைத்தான் பட்டை காட்டுகிறது. லேசான தடயம் மட்டும் என்றால் தண்ணீர் குறைவாகக் குடித்ததாலும் வரும். ஒரு பிளஸ் என்றால் சுத்தமான மாதிரியை மறுபடி பிடித்துப் பார்ப்போம், அப்போதும் இருந்தால் அளவைத் துல்லியமாக அறிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: புரதமே இறங்காமலும் இந்த நோய் வரலாம். பிரஷர் ஏறி, விடாத தலைவலியும் கண் மங்கலும் இருக்கும்போது பட்டை சுத்தமாக இருக்கிறது என்று யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

சர்க்கரை விஷயம் வேறு மாதிரி. கர்ப்பத்தில் சிறுநீரகம் வழியாக ஓடும் ரத்தம் கூடிவிடுவதால், வடிகட்டிய சர்க்கரை முழுவதையும் உடம்பால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் கொஞ்சம் சிறுநீரில் தப்பி வரும். அதனால் பட்டையில் சர்க்கரை தெரிந்தாலே சர்க்கரை நோய் என்று அர்த்தம் இல்லை. தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தம் இல்லை, இதுதான் ஆபத்தான பாதி. "யூரின்ல சுகர் இல்லைன்னு சொன்னாங்களே, எதுக்கு அந்தத் தித்திப்புத் தண்ணி?" என்று கேட்டுக் குளுக்கோஸ் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கிறவர்கள் உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்பதுதான் நம் ஊரில் முடிவு செய்யும் பரிசோதனை. முதல் செக்கப்பிலும் அப்புறம் 24 முதல் 28 வாரத்திலும் செய்வோம். பட்டையில் சர்க்கரை திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே ரத்தம் பார்ப்போம், அவ்வளவுதான்.

மூன்றாவது தொற்று. கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்கி நிற்பதால் கிருமி சுலபமாக மேலே ஏறும். எரிச்சல், கடுப்பு எதுவுமே இல்லாமல் கிருமி மட்டும் இருப்பதும் நடக்கும். மற்ற சமயத்தில் அதற்கு மருந்து கொடுக்க மாட்டார்கள். கர்ப்பிணிக்குக் கொடுப்பார்கள், ஏனென்றால் விட்டுவைத்தால் அது சிறுநீரகம் வரை போய்க் குளிர் காய்ச்சலாக மாறலாம், குறைமாதப் பிரசவத்தையும் தூண்டலாம். பட்டை இதற்குக் குறிப்பு மட்டும்தான் தரும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பது ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில்தான் தெரியும், அதற்கு இரண்டு மூன்று நாளாகும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் முழு நாளும் சாப்பிட்டுவிட்டு, மறு கல்ச்சருக்கும் வந்து கொடுங்கள். கடுப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த மாதம் காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. எடை பார்ப்பது

சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு கிலோ தப்பு வருவது ரொம்ப சுலபம். செருப்பு, கைப்பை, போன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். இடுப்பில் பிள்ளை இருந்தால் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை சுங்குடிச் சேலையிலும் அடுத்த முறை கல்யாணத்துக்குப் போகும் வழியில் கனமான பட்டிலும் வந்தால் அதுவே எண்ணை மாற்றிவிடும். ஏறும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தராசு சமதளத் தரையில் இருக்க வேண்டும், பாய் விரிப்பின் மேல் இருந்தால் சரியாகக் காட்டாது. முடிந்தவரை எப்போதும் ஒரே தராசு. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு முறை, எங்களிடம் ஒரு முறை என்று மாற்றிப் பார்க்கிறவர்கள் எந்தத் தராசு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு எடை எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுதான் அடித்தளம். ஐந்தாம் மாதம் முதல்முறையாக வருகிறவருக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அரசு வழிகாட்டுதல் மொத்தமாக 9 முதல் 11 கிலோ கூட வேண்டும் என்கிறது, மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஏறத்தாழ 2 கிலோ. மாதம் 2 கிலோவுக்குக் கீழே போனால் சாப்பாடு போதவில்லையா, வாந்தி நிற்கவில்லையா, குழந்தை வளர்கிறதா என்று கேட்போம். மாதம் 3 கிலோவுக்கு மேல் போனால் நீர் கோர்க்கிறதா, இரட்டையா, சர்க்கரையா என்று யோசிப்போம். ஆரம்பத்திலேயே பருமனாக இருக்கிறவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கூடினால் போதும், மெலிந்தவர்களுக்கு அதிகம் வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு 14 கிலோ கூடியது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

முதல் மூன்று மாதம் மசக்கையில் ஒன்றிரண்டு கிலோ குறைவது சகஜம். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்து, சிறுநீர்ப் பட்டையில் கீட்டோனும் தெரிந்தால், உடம்பு சாப்பாடு கிடைக்காமல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

பின் மாதங்களில் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். சதை ஒரே வாரத்தில் ஒரு கிலோ போடாது, நீர் போடும். வாரம் அரை கிலோ கூடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், காலை எழுந்ததும் முகம் வீங்குகிறதா, மோதிரம் இறுகுகிறதா என்று கேட்டு, உடனே பிரஷர் பார்ப்போம். மாலையில் கணுக்கால் மட்டும் வீங்கிக் காலையில் வடிந்துவிடுவது பெரும்பாலும் சாதாரணம்தான்.

6. வயிற்றளவு எடுப்பது

மல்லாந்து படுத்து, தொட்டுப் பார்த்துக் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறியும்போது முழங்காலை மடக்கச் சொல்வோம். டேப் வைத்துக் கருப்பையின் உயரம் அளக்கும்போது காலை நீட்டச் சொல்வோம், வயிற்றளவு என்று அட்டையில் எழுதுவது இந்த உயரத்தைத்தான். இரண்டையும் குழப்பி, மடக்கிய காலோடு அளந்தால் எண் மாறும், அதனால் நர்ஸ் சொல்லவில்லை என்றாலும் "கால நீட்டவா?" என்று கேளுங்கள்.

கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்து, இடது கையின் சுண்டுவிரல் ஓரத்தால் நெஞ்சுக்குழியிலிருந்து கீழ்நோக்கி அழுத்தி வந்தால், ஓரிடத்தில் மெத்தென்று இருந்தது கெட்டியாகத் தட்டுப்படும். அதுதான் கருப்பையின் உச்சி. புதியவர்கள் கீழிருந்து மேலே தேடி, பாதி வழியில் குழந்தையின் உடம்பு தட்டுப்பட்டதும் அதையே உச்சி என்று நினைத்துவிடுவார்கள்.

டேப் இல்லாமலேயே ஒரு மதிப்பீடு உண்டு. 12 வாரத்தில் உச்சி அடிவயிற்று எலும்புக்கு மேல் லேசாகத் தட்டுப்படும். 24 வாரத்தில் தொப்புளுக்கு வரும். தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் 28 வாரம், இரண்டு பங்கு ஏறினால் 32 வாரம், நெஞ்சுக்குழியைத் தொட்டால் 36 வாரம். அப்புறம் தலை இடுப்புக்குள் இறங்க, 40 வாரத்தில் உயரம் மறுபடி 32 வார அளவுக்கு வந்துவிடும். "வயிறு இறங்கிடுச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

24 வாரத்திலிருந்து டேப் வைக்கலாம். உச்சியில் பூஜ்யத்தை வைத்து, நடுக்கோட்டில் தோலோடு ஒட்டிக் கீழே கொண்டுபோய், அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்பில் நிறுத்த வேண்டும். இன்ச் பக்கம் மேலே தெரிய, சென்டிமீட்டர் பக்கம் வயிற்றைப் பார்த்தபடி இருக்கட்டும். அளந்து முடித்ததும் திருப்பிப் படிக்க வேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், அட்டையில் 32 வாரம் என்று பார்த்துவிட்டு அளக்கிற கை தன்னை அறியாமல் 32-இல் போய் நிற்கும். நானே புதிதில் அப்படி எழுதியிருக்கிறேன் என்று பின்னால் புரிந்தது. இரண்டு முறை அளந்து எழுதுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

36 வாரம் வரை வாரமும் சென்டிமீட்டரும் ஏறத்தாழச் சமமாக இருக்கும், இரண்டு மூன்று கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் கூடினால் தேதித் தவறு, இரட்டை, பனிக்குட நீர் அதிகம், சர்க்கரையால் பெரிய குழந்தை, நார்க்கட்டி. குறைந்தால் தேதித் தவறு, வளர்ச்சி குறைந்த குழந்தை, நீர் குறைவு, குழந்தை குறுக்கே கிடப்பது. இந்த அளவு எதையும் நிரூபிக்காது, ஸ்கேன் தேவையா என்பதை மட்டும் சொல்லும். பருமனான வயிற்றிலும் இரட்டைக் கர்ப்பத்திலும் டேப்பை நம்ப முடியாது, அவர்களுக்கு ஸ்கேன் வைத்துத்தான் வளர்ச்சி பார்க்க வேண்டும். ஆள் மாறினாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாறும் என்பதால் முடிந்தால் ஒரே கை அளப்பது நல்லது.

7. மூன்றையும் சேர்த்துப் படிப்பது: ஒரு அட்டை

எங்களிடம் வந்த ஒரு தங்கச்சியின் அட்டையை அப்படியே சொல்கிறேன். முதல் பிரசவம், தேதி முதல் ஸ்கேனில் உறுதியானது. 12 வாரத்தில் 48 கிலோ. 24 வாரத்தில் 52 கிலோ, வயிற்றளவு 24. 28 வாரத்தில் 53.8 கிலோ, அளவு 28. பிரஷர் எப்போதும் 110/70, சிறுநீர் சுத்தம். 32 வாரத்தில் 55.6 கிலோ, அளவு 30, பிரஷர் 120/78. எடை கொஞ்சம் மெதுவாகக் கூடியதைத் தவிர இதுவரை யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள், இரண்டு சென்டிமீட்டர் குறைவு வரம்புக்குள்தான் இருக்கிறது.

34 வாரத்தில் வந்தபோது 58.4 கிலோ. அளவு 30.5. சிறுநீரில் ஒரு பிளஸ் புரதம்.

ஒவ்வொன்றுக்கும் அவர் வீட்டிலேயே விளக்கம் தயாராக இருந்தது. எடை கூடியதற்கு, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் நல்ல சாப்பாடு. புரதத்துக்கு, வெள்ளைப்படுதல். வயிறு சின்னதாக இருப்பதற்கு, "எங்க வீட்டுல எல்லாருக்கும் வயிறு தெரியாது". தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயம்தான், அன்று இடம் மாறி வேறு நர்ஸ் உட்கார்ந்திருந்தால் மூன்று விளக்கமும் எடுபட்டிருக்கும்.

ஆனால் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அம்மாவுக்கு 2.8 கிலோ ஏறியிருக்கிறது, அதே இரண்டு வாரத்தில் கருப்பை அரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது. சாப்பாட்டால் எடை கூடியிருந்தால் குழந்தையும் கூடவே வளர்ந்திருக்கும். எடை நீராக அம்மா உடம்பில் தேங்குகிறது, குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டியது போகவில்லை, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம்.

செய்தது இதுதான். கழுவிக்கொண்டு மறுபடி நடுச் சிறுநீர் பிடிக்கச் சொன்னோம், அதிலும் ஒரு பிளஸ். செருப்பில்லாமல் மறுபடி எடை, அதே எண். பத்து நிமிடம் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தால் 142/92, இன்னொரு முறை பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே. டாக்டர் "தலைவலி இருக்காம்மா, கண்ணு மங்குதா, மேல்வயிறு வலிக்குதா?" என்று மூன்று கேள்வி கேட்டார். எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றாலும் அன்றைக்கே அரசு தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சில மணி நேர இடைவெளியில் பிரஷர் மறுபடி பார்த்து, ரத்தமும் பார்த்து, ஸ்கேனில் குழந்தை எடை குறைவு, பனிக்குட நீரும் குறைவு என்று உறுதி செய்தார்கள். கண்காணிப்பில் வைத்திருந்து 37 வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை 2.1 கிலோ, அம்மாவுக்கு வலிப்பு எதுவும் வரவில்லை.

அந்த அட்டையில் 32 வாரத்து வரி காலியாக இருந்திருந்தால் 34-இல் ஏறியதும் நின்றதும் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

8. கட்டிலை விட்டு இறங்கியதும்

மூன்று எண்ணும் அட்டையில் ஏறிவிட்டதா என்று அங்கேயே பாருங்கள். "நார்மல்" என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள், வேறு ஊரில் பிரசவம் நடந்தால் அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த வார்த்தையால் பயன் இல்லை. புரதத்துக்கு எத்தனை பிளஸ் என்பதையும் சேர்த்து.

போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். "எவ்ளோ இருக்கு?" என்பதைவிட "போன தடவைக்கு எவ்ளோ கூடியிருக்கு?" என்ற கேள்விக்கு டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, சிறுநீர் ரொம்பக் குறைந்துபோவது, குளிர் காய்ச்சலோடு இடுப்பு வலி, ரத்தப்போக்கு, தண்ணீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் 108-க்கு அழையுங்கள், கிளம்பும்போது கையில் அந்த அட்டை இருக்கட்டும்.